பில்லில் இருக்கும் பெயரும் வேலை வரும் இடமும்: இரண்டு கணக்குகளின் ஒப்பீடு

சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பாளர், மதுரையில் ஒரு புத்தக வடிவமைப்பாளர். இருவரும் யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. 2024-25 நிதியாண்டில் இருவரும் போட்ட பில்களின் கூட்டுத்தொகை ஒன்றுதான், 12 லட்சம் ரூபாய். சேவைத் தொழிலுக்கான 20 லட்ச வரம்புக்குக் கீழே இருப்பதால் இருவருக்கும் ஜிஎஸ்டி பதிவு இல்லை. ஆகவே பில்லில் இருக்கும் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பதிவு உள்ளவர்கள் வரியைக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். அந்தப் பணம் நம் கை வழியாகப் போகிறதே தவிர நம்முடையது ஆகாது.

இந்த இரண்டு பேரும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவர்கள். ஆனால் அவர்கள் கணக்கில் வரும் ஒவ்வொரு சிக்கலும் ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களின் பில் புத்தகத்தில் உண்மையாகவே இருப்பது. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த 12 லட்சம் எத்தனை பேர் கையில் இருக்கிறது?

மொழிபெயர்ப்பாளருக்கு எட்டு வாடிக்கையாளர்கள். நான்கு மொழிபெயர்ப்பு ஏஜென்சிகள் முறையே 22, 18, 16, 12 சதவீதம் தருகின்றன. ஒரு பதிப்பகம் 10, ஒரு தொண்டு நிறுவனம் 9, ஆவணப்படங்களுக்கு சப்டைட்டில் கேட்கும் ஒரு ஸ்டூடியோ 8, ஒரு வழக்கறிஞர் அலுவலகம் 5. வடிவமைப்பாளருக்கு ஐந்தே பேர். பள்ளிப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகம் மட்டும் 45 சதவீதம், அதாவது 5,40,000 ரூபாய். ஒரு பட்டுச் சேலைக் கடை 25, ஒரு மருத்துவமனை 15, இரண்டு சிறு நிறுவனங்கள் 10, 5.

இவ்வளவு தெரிந்தாலே பலர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஒருவருக்குப் பெரிய வாடிக்கையாளர் 22 சதவீதம், இன்னொருவருக்கு 45. வடிவமைப்பாளர்தான் ஒரே ஆளை நம்பி இருக்கிறார், மொழிபெயர்ப்பாளர் வேலையைப் பரப்பி வைத்திருக்கிறார் என்று தோன்றும். அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதுதான் இந்த ஒப்பீடு.

பெரிய வாடிக்கையாளரின் பங்கு மட்டும் போதாது. முதல் ஆள் 40 சதவீதம் என்று இருக்கும் இரண்டு கணக்குகளில், ஒன்றில் மீதி 60 இரண்டே பேரிடம் இருந்து வரலாம், இன்னொன்றில் பன்னிரண்டு பேரிடம் இருந்து வரலாம். இந்த வேறுபாட்டைப் பிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. ஒவ்வொருவரின் சதவீதத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டுவது. 22 சதவீதம் 484 ஆகும், 5 சதவீதம் வெறும் 25. பெரிய பங்குகளின் எடை கூடி, சின்னப் பங்குகள் ஏறக்குறைய மறைந்துவிடும். நம் பயமும் அப்படித்தான் இருக்கிறது. 5 சதவீத வாடிக்கையாளர் போனால் ஒரு மாதம் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறோம். 45 சதவீதம் போனால் வாடகையைப் பற்றி யோசிக்கிறோம்.

பொருளாதாரத்தில் இதற்கு ஹெர்ஃபிண்டால்–ஹிர்ஷ்மன் குறியீடு என்று பெயர். இன்று இது கம்பெனி இணைப்புகளை ஆராயும் அரசு அமைப்புகளின் கருவியாகத்தான் அறியப்படுகிறது. ஆனால் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1945-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு நெருங்கிய ஓர் அளவையைக் கையாண்டது வேறு காரணத்துக்காக. சிறிய நாடுகளின் வெளிவணிகம் ஒரு பெரிய நாட்டை எவ்வளவு சார்ந்திருக்கிறது, அந்தச் சார்பை ஜெர்மனி போன்ற ஒரு வல்லரசு எப்படி அதிகாரமாக மாற்றிக்கொள்கிறது என்பது அவருடைய கேள்வி. ஃப்ரீலான்சரின் கேள்வி இதற்குத்தான் கிட்டே இருக்கிறது. ஆகவே இந்தக் கருவியை நாம் கடன் வாங்கவில்லை, அது பிறந்த வேலைக்கே திரும்பக் கூட்டிவருகிறோம் என்றுதான் நினைக்கிறேன்.

கணினியில் இது ஒரு வரி. C2 முதல் C9 வரை வாடிக்கையாளர்வாரியாக வருடத் தொகை இருந்தால்:

```
=SUMPRODUCT((C2:C9/SUM(C2:C9))^2)*10000
=1/SUMPRODUCT((C2:C9/SUM(C2:C9))^2)
```

முதல் வரி குறியீட்டைத் தரும். இரண்டாவது வரி அதையே மனதில் நிற்கிற மாதிரி மாற்றித் தரும். இந்த வருமானம், சமமாக வேலை தரும் எத்தனை வாடிக்கையாளர்கள் இருப்பதற்கு ஈடு என்று அது சொல்லும். மொழிபெயர்ப்பாளருக்குக் குறியீடு 1478, அதாவது ஏறத்தாழ 6.8 பேர். வடிவமைப்பாளருக்கு 3000, அதாவது 3.3 பேர். பட்டியலில் எட்டுப் பெயரும் ஐந்து பெயரும் இருந்தாலும், எடை போட்டால் ஏழு பேருக்குக் கொஞ்சம் குறைவு, மூன்று பேருக்குக் கொஞ்சம் அதிகம். முதல் பார்வையில் தோன்றிய தீர்ப்பை இந்தக் கணக்கும் ஒத்துக்கொள்கிறது.

இங்கேதான் நிறுத்தக் கூடாது. இதுவரை நாம் வகுத்ததும் வர்க்கமாக்கியதும் சரி. ஆனால் எதை ஒரு வாடிக்கையாளர் என்று ஒரு வரியில் எழுதினோம் என்பதை யாரும் சோதிக்கவில்லை. பில்லின் தலையில் இருக்கும் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

பெயர் ஏமாற்றுவதில் எளிய வகை ஒன்று உண்டு. ஒரே முதலாளியின் இரண்டு நிறுவனங்கள், அல்லது ஒரே நிறுவனத்தின் சென்னைக் கிளையும் பெங்களூர்க் கிளையும், தனித்தனிப் பெயரில் பில் கேட்கும். கிளைகளைக் கண்டுபிடிக்க அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணே போதும். பதினைந்து எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அதற்கு அடுத்த பத்தும் பான் எண். அந்தப் பத்தும் ஒன்றாக இருந்தால் அது ஒரே நிறுவனம், ஒரே வரியில் எழுத வேண்டும். தனித்தனி பான் வைத்திருக்கும் சகோதர நிறுவனங்களை இப்படிப் பிடிக்க முடியாது. ஆனால் முதலாளி ஒருவரே என்று தெரிந்தால் அவற்றையும் சேர்ப்பதுதான் முறை. பெரிய கம்பெனிகளுக்கே அதுதான் விதி. தன் வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தரும் ஒரே வாடிக்கையாளர் இருந்தால் அதைக் கம்பெனி வெளியே சொல்ல வேண்டும் என்று இந்தியக் கணக்கியல் தரம் 108 கேட்கிறது. ஒரே கட்டுப்பாட்டில் இருப்பதாகத் தெரிந்த நிறுவனங்களை ஒரே வாடிக்கையாளராக எண்ண வேண்டும் என்றும் அது சேர்த்தே சொல்கிறது.

வருமான வரித் தளத்தில் கிடைக்கும் 26ஏஎஸ் படிவமும் இந்தப் பட்டியலைச் சரிபார்க்க உதவும். டிடிஎஸ் பிடித்த ஒவ்வொருவரின் பெயரும், அவர்கள் கணக்கில் நமக்குக் காட்டிய தொகையும் அதில் இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துப் பங்கு கணக்கிட்டால் தவறும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பொதுவாக டிடிஎஸ் பிடிப்பதில்லை. வரி பிடிக்கும் கடமை இல்லாத சிறு கடைக்காரர்களும் அதில் வர மாட்டார்கள். பெரிய நிறுவனங்கள் மட்டும் பட்டியலில் நிற்கும், சார்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். பில் புத்தகத்தை மூலமாக வைத்துக்கொண்டு 26ஏஎஸ்-ஐ ஒப்புநோக்க மட்டும் பயன்படுத்துவது நல்லது.

மொழிபெயர்ப்பாளரின் சிக்கல் இவற்றையெல்லாம் தாண்டியது. அவருடைய நான்கு ஏஜென்சிகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. பான் வேறு, முதலாளி வேறு, ஊர் வேறு. ஆனால் ஏஜென்சி என்பது இடையில் இருப்பது. மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியங்கள் வேறெங்கிருந்தோ வருகின்றன. முதல், மூன்றாவது, நான்காவது ஏஜென்சிகள் மூன்றுமே ஒரே ஷாப்பிங் செயலியின் தமிழ் வேலையைப் பிரித்து எடுத்திருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் ஒரே ஏஜென்சியை நம்பாமல் இரண்டு மூன்று பேருக்குப் பகிர்ந்து தருவது வழக்கம். அவர்கள் தங்கள் சார்பைக் குறைத்துக்கொள்ளும் அந்த ஏற்பாடே மொழிபெயர்ப்பாளரின் சார்பை மறைத்துவிடுகிறது.

ஏஜென்சி பெயரைச் சொல்லாது, ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கியிருக்கும். ஆனால் வேலையே காட்டிக்கொடுக்கும். மூன்று ஏஜென்சிகளிடம் இருந்தும் வரும் சொற்பட்டியலில் ‘கார்ட்’ என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல் கட்டாயமாக இருக்கும். நடைக் கையேட்டில் ‘நீங்கள்’ என்றே விளிக்க வேண்டும், ஆச்சரியக்குறி கூடாது என்ற அதே விதிகள் இருக்கும். மொழிபெயர்ப்பு நினைவகக் கோப்பைத் திறந்தால், போன மாதம் வேறொரு ஏஜென்சிக்கு எழுதித் தந்த வாக்கியமே அதில் உட்கார்ந்திருக்கும். இவை எதுவும் கண்ணில் படாவிட்டாலும் இன்னொரு வழி உண்டு. ஏஜென்சிவாரியாக மாத பில்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். தீபாவளி விற்பனைக்கு முந்தைய இரண்டு மாதங்களில் மூன்றும் சேர்ந்து ஏறி, ஜனவரியில் மூன்றும் சேர்ந்து இறங்கினால், மூன்றுக்கும் ஊற்று ஒன்றுதான் என்று சந்தேகிக்கலாம். தனித்தனி வாடிக்கையாளர்கள் இப்படிச் சேர்ந்து மூச்சு விடுவதில்லை. ஒரே துறையில் பலர் இருந்தாலும் மாதங்கள் ஒத்துப்போகலாம் என்பதால், இதைச் சொற்பட்டியலோடு சேர்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இப்போது பட்டியலை வேலை வரும் இடத்தை வைத்து மறுபடி எழுதுவோம். முதல் ஏஜென்சியின் 22 சதவீதத்தில் 17, மூன்றாவதின் 16-இல் 15, நான்காவதின் 12 முழுவதும் அந்தச் செயலியுடையவை. சேர்த்தால் 44 சதவீதம், 5,28,000 ரூபாய். மீதி எல்லாம் அப்படியே இருக்கின்றன. முதல் ஏஜென்சிக்கு வேறு வேலையாக 5, மூன்றாவதுக்கு 1 தங்குகிறது. குறியீடு 1478-இல் இருந்து 2556-க்கு ஏறுகிறது. 6.8 பேராக இருந்தவர்கள் 3.9 பேராகச் சுருங்குகிறார்கள். வருமானத்தில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. வடிவமைப்பாளரின் 3.3 இப்போது எட்டாத தூரத்தில் இல்லை.

இதற்காக முதல் பட்டியலைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இரண்டும் இரண்டு வெவ்வேறு ஆபத்துகளைச் சொல்கின்றன. பில் பெயரில் போட்ட பட்டியல், பணம் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லும். முதல் ஏஜென்சி நொடித்துப்போனால், நிலுவையில் இருக்கும் அதன் பில்கள் மட்டுமே மாட்டிக்கொள்ளும். செயலியின் வேலை மற்ற இரண்டு ஏஜென்சிகள் வழியாகத் தொடரும், ஒருவேளை கூடவும் செய்யும். வேலை வரும் இடத்தை வைத்துப் போட்ட பட்டியல், வேலை நின்றால் என்ன ஆகும் என்று சொல்லும். செயலி தமிழ்ப் பதிப்பை நிறுத்திவிட்டாலோ, கணினி மொழிபெயர்ப்புக்கு மாறிவிட்டாலோ, மூன்று ஏஜென்சிகளும் ஒரே வாரத்தில் மௌனமாகிவிடும். மூன்றில் எதன் மேலும் குற்றம் இருக்காது. கணக்கில் ‘யாருக்கு பில்’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘எங்கிருந்து வேலை’ என்று இன்னொரு பத்தி போட்டு, இரண்டுக்கும் தனித்தனியாகக் குறியீடு எடுப்பதுதான் இந்தக் கணக்கில் நான் மிக முக்கியமாகக் கருதும் படி.

வடிவமைப்பாளர் பக்கம் வருவோம். அவருக்கு இடையில் யாரும் இல்லை, பில்லில் இருக்கும் பெயரே வேலை தரும் பெயர். அவர் கணக்கில் ஒளிந்திருப்பது வேறு. பட்டுச் சேலைக் கடைக்கு அவர் போட்ட 3,00,000 ரூபாய் பில்லில் ஃபிளெக்ஸ், நோட்டீஸ் அச்சடித்த செலவு 1,80,000 இருக்கிறது. கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கேட்கிறார். இவர் அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை லாபம் வைக்காமல் பில்லில் சேர்க்கிறார். பில் பெரியது, வருமானம் சிறியது. உண்மையில் கடை தருவது 1,20,000-தான்.

அதைக் கழித்தால் அவருடைய வருட வருமானம் 10,20,000. பதிப்பகத்தின் 5,40,000 இப்போது 45 சதவீதமாக இல்லை, 53 சதவீதம். கடை 25-இல் இருந்து 12-க்கு இறங்குகிறது. குறியீடு ஏறத்தாழ 3426, அதாவது 2.9 பேர். பாதிக்குக் கீழே இருப்பதாக நினைத்த ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். அச்சுச் செலவு, வாங்கித் தரும் புகைப்படங்கள், கீழே இன்னொருவருக்குப் பிரித்துத் தரும் வேலை என்று கை மாறிப் போகும் பணம் எந்த வாடிக்கையாளரிடம் அதிகமோ, அவர் பில்லில் உண்மையைவிடப் பெரியவராகத் தெரிவார். அவருடைய நிழலில் உண்மையான பெரியவர் சின்னவராகத் தெரிவார். மொழிபெயர்ப்பாளருக்கு இந்தத் திருத்தம் ஏறக்குறைய தேவையே இல்லை. அவர் விற்பது தன் நேரத்தை மட்டும்.

வடிவமைப்பாளர் ஒரு எதிர்வாதம் வைக்கலாம். பதிப்பகத்தில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன, பள்ளிப் புத்தகத்துக்கு ஒரு ஆசிரியர், சிறுவர் நூல்களுக்கு ஒருவர், இருவரும் தனித்தனியாக வேலை தருகிறார்கள், ஆகவே இரண்டு வரியாக எழுதலாமே என்று. வேலை வரும் பட்டியலில் இதற்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் காசோலை ஒரே கணக்குப் பிரிவில் இருந்து வருகிறது, செலவைக் குறைக்கச் சொல்லும் உத்தரவு இருவருக்கும் ஒரே நாளில் வரும். சேர்க்கும்போது சந்தேகம் வந்தால் சேர்த்துவிடுவதும், பிரிக்கும்போது சந்தேகம் வந்தால் பிரிக்காமல் விடுவதும்தான் பாதுகாப்பு.

எந்த எண்ணைத் தாண்டினால் ஆபத்து என்று கேட்பவர்களுக்குச் சில நாடுகளின் சட்டங்கள் பதில் வைத்திருக்கின்றன. ஸ்பெயினில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானத்தில் 75 சதவீதமாவது ஒரே வாடிக்கையாளரிடம் இருந்து வந்தால், வேறு சில நிபந்தனைகளும் பொருந்தினால், அவர் ‘பொருளாதாரச் சார்புள்ள சுயதொழிலர்’ ஆகிறார். வருட விடுப்பு உள்ளிட்ட சில உரிமைகள் கிடைக்கும். ஜெர்மனியில் ஓய்வூதியக் காப்பீட்டுக்கு ஆறில் ஐந்து பங்கு என்பது நடைமுறைக் கோடு. நாம் பார்க்கும் இருவரும் இந்தக் கோடுகளுக்கு வெகு கீழே இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டங்கள் கேட்கும் கேள்வி, இவர் உண்மையில் தொழிலாளிதானா என்பது. வாடகை கட்ட முடியுமா என்பது அவற்றின் கேள்வியே இல்லை. அமெரிக்காவின் இணைப்பு வழிகாட்டுதல்கள் 1800-க்கு மேல் போனால் சந்தை மிகவும் குவிந்திருக்கிறது என்கின்றன. அதையும் இங்கே கொண்டுவரக் கூடாது. சமமாக வேலை தரும் ஐந்து வாடிக்கையாளர்கள் இருந்தாலே குறியீடு 2000. தனியாக வேலை செய்யும் ஒருவருக்கு அது நல்ல நிலைமை.

அதனால் கோட்டைத் தேடுவதைவிட, பெரிய ஆளை எடுத்துவிட்டுப் பார்ப்பது பயன் தரும். இருவர் வீட்டிலும் மாதச் செலவு 45,000 என்று வைத்துக்கொள்வோம், வரியைத் தற்போதைக்கு விட்டுவிடுவோம். செயலி போனால் மொழிபெயர்ப்பாளருக்கு வருடத்துக்கு 6,72,000 மிஞ்சும், மாதம் 56,000. சேமிப்பு குறைந்துபோகும், வீடு நடக்கும். பதிப்பகம் போனால் வடிவமைப்பாளருக்கு 4,80,000 மிஞ்சும், மாதம் 40,000. ஒவ்வொரு மாதமும் 5,000 கையிருப்பில் இருந்து எடுக்க வேண்டும். பில் தொகையை அப்படியே நம்பியிருந்தால் இதே கணக்கு மாதம் 55,000 மிஞ்சுவதாகக் காட்டியிருக்கும், பற்றாக்குறையே தெரிந்திருக்காது.

ஆனால் எவ்வளவு போகும் என்பதோடு எப்படிப் போகும் என்பதையும் சேர்க்க வேண்டும். பதிப்பகத்துக்கு வடிவமைப்பாளரைத் தெரியும். கல்வியாண்டை ஒட்டி ஓடும் வேலை என்பதால், அடுத்த வருடத்துக்கு எத்தனை புத்தகங்கள் என்பது சில மாதங்களுக்கு முன்பே பேச்சில் வரும். குறையப்போகிறது என்றால் அதுவும் அப்போதே தெரியும். செயலி நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. முடிவெடுப்பவர்களுக்கும் அவருக்கும் நடுவில் ஏஜென்சி நிற்கிறது, ஏஜென்சிக்கே கடைசியில்தான் தெரியவரும். ஆகவே இழப்பு யாருக்குப் பெரியது என்றால் வடிவமைப்பாளருக்கு, யாருக்குத் திடீரென்று வரும் என்றால் மொழிபெயர்ப்பாளருக்கு. பங்குக் கணக்கு முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. இரண்டாவதுக்கு, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ‘முன்னறிவிப்பு எவ்வளவு நாள்’ என்று கையால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த வருடம் இந்த எண்களைப் பார்க்கும்போது ஒரு தவறான மகிழ்ச்சிக்கும் ஒரு தவறான பயத்துக்கும் இடமுண்டு. பெரிய ஆளின் வேலை குறைந்ததால் பங்கு குறைந்தால், குறியீடு அழகாகும், வீட்டில் பணம் குறைந்திருக்கும். சின்ன வாடிக்கையாளர் ஒருவர் விலகினால், பெரியவர் ஒன்றும் செய்யாமலே அவர் பங்கு ஏறும். ஆகவே சதவீதத்துக்குப் பக்கத்தில் ரூபாயையும், இந்த வருடத்துக்குப் பக்கத்தில் போன வருடத்தையும் வைத்தே படிக்க வேண்டும்.

புது வாடிக்கையாளர் தேடுவதில் இந்தக் கணக்கு ஒரு தெளிவு தருகிறது. செயலியோடு சம்பந்தமில்லாத இடத்தில் இருந்து வருடம் 1,20,000 ரூபாய் வேலை கிடைத்தால், மொழிபெயர்ப்பாளரின் மொத்தம் 13,20,000 ஆகும், செயலியின் பங்கு 44-இல் இருந்து 40-க்கு இறங்கும். அதே வேலை ஐந்தாவது ஏஜென்சி வழியாக அதே செயலியில் இருந்து வந்தால் பங்கு 49-க்கு ஏறும், பில் புத்தகத்தில் மட்டும் ஒரு புதுப் பெயர் கூடியிருக்கும். ஒப்புக்கொள்வதற்கு முன்பே மாதிரிக் கோப்பைக் கேட்டுச் சொற்பட்டியலைப் பார்த்துவிடலாம். வடிவமைப்பாளருக்கு 1,20,000 கூடினால் பதிப்பகம் 47 சதவீதத்துக்கு வரும், பாதிக்குக் கீழே. மொழிபெயர்ப்பாளரைப் போல 40-ஐத் தொட வேண்டுமென்றால், பதிப்பக வேலையைக் குறைக்காமல் மொத்தம் 3,30,000 ரூபாய் புது வருமானம் வெளியே தேட வேண்டும். அது அச்சுச் செலவைக் கழித்த பிறகு நிற்கும் 3,30,000 ஆக இருக்க வேண்டும்.